மின்புலக் கணுவும் காந்தப்புலக் கணுவும் ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை?

கேள்வி: "முழுக் கடத்தியான ஓர் ஆடியின் மேல் மின்காந்த அலை நேராக விழுந்து திரும்பினால் நிலை அலை உண்டாகும் என்று படித்தேன். பயணம் செய்யும் அலையில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. அப்படியிருக்க, நிலை அலையில் ஒன்றின் கணு இருக்கிற இடத்தில் மற்றொன்றுக்கு எதிர்க்கணு எப்படி வருகிறது? எந்தக் கணு எங்கே இருக்கும்? இதை அளந்து பார்க்க முடியுமா?"

பதில்:

இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடியின் பரப்பிலிருந்து வெளிப்புறமாக அளக்கும் தூரத்தை d என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்புலக் கணுக்கள் d = 0, λ/2, λ, 3λ/2 என்ற இடங்களில் இருக்கும். அதாவது ஆடியின் பரப்பே முதல் மின்புலக் கணு. காந்தப்புலக் கணுக்கள் d = λ/4, 3λ/4, 5λ/4 என்று அவற்றுக்கு நடுநடுவே வரும். ஆடியின் பரப்பில் காந்தப்புலம் உச்சத்தில் இருக்கும். இவ்வளவுக்கும் காரணம் ஒன்றுதான்: அலை திரும்பும்போது மின்புலம் தலைகீழாகிறது, காந்தப்புலம் தலைகீழாவதில்லை.

ஏன் ஒன்று மட்டும் தலைகீழாகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். பாடநூல்கள் "கடத்தியின் பரப்பில் பரப்புக்கு இணையான மின்புலம் சுழியாக இருக்க வேண்டும்" என்ற எல்லை நிபந்தனையைச் சொல்லி நகர்ந்துவிடும். அது சரிதான். ஆனால் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை தானாகவே வெளிவரும்.

ஆடியை "அலையைத் திருப்பியடிக்கும் சுவர்" என்று நினைக்காதீர்கள். விழுகிற அலை உலோகத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். அதன் மின்புலம் உலோகப் பரப்பிலுள்ள எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அவை ஆடுவதால் பரப்பில் ஒரு மெல்லிய மின்னோட்டத் தகடு உண்டாகிறது. ஆடும் மின்னோட்டம் எதுவானாலும் தானே அலைகளை வீசும். தகடு போன்ற மின்னோட்டம் இரண்டு பக்கமும் சமமாக வீசும்: ஓர் அலை பின்பக்கம் உலோகத்துக்குள், இன்னொன்று முன்பக்கம் நாம் நிற்கும் பக்கம்.

இந்த இரண்டு அலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்புலம் இரண்டு பக்கமும் ஒரே திசையில் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே மின்னோட்டத்திலிருந்து வருகின்றன, தகட்டின் இரு பக்கங்களுக்கும் வேறுபாடு கிடையாது. காந்தப்புலம் அப்படியல்ல. மின்னோட்டத்தைச் சுற்றி வளைந்து செல்வது அதன் இயல்பு. ஆகவே தகட்டின் ஒரு பக்கம் இடப்புறமாக இருந்தால், மறுபக்கம் வலப்புறமாக இருந்தே ஆக வேண்டும்.

முழுக் கடத்திக்குள் புலம் எதுவும் இருக்கக் கூடாது. எனவே பின்பக்கம் வீசப்படும் அலை, விழுகிற அலையை முழுதாக அழிக்க வேண்டும். அங்கே அதன் மின்புலமும் விழும் அலைக்கு நேர் எதிர், காந்தப்புலமும் நேர் எதிர். இப்போது முன்பக்கம் வாருங்கள். மின்புலம் இரு பக்கமும் ஒன்றே என்பதால் இங்கேயும் அது எதிராகவே இருக்கிறது. காந்தப்புலம் பக்கம் மாறும்போது திசை மாறும் என்பதால், பின்பக்கம் எதிராக இருந்தது முன்பக்கம் விழும் அலையோடு ஒத்த திசைக்கு வந்துவிடுகிறது. முன்பக்கம் வீசப்படும் இந்த அலையைத்தான் நாம் எதிரொளித்த அலை என்கிறோம். மின்புலம் மட்டும் தலைகீழானது எந்த மாயத்தாலும் அல்ல, மின்னோட்டத் தகட்டின் இந்த இரட்டைக் குணத்தால்தான்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். எந்த மின்காந்த அலையிலும் மின்புலம், காந்தப்புலம், பயணத் திசை மூன்றும் வலக்கை விதியால் கட்டுண்டவை. திரும்பும் அலையின் பயணத் திசை தலைகீழாகிவிட்டது. அப்படியானால் இரண்டு புலங்களில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று மட்டும், தலைகீழாக வேண்டும். இரண்டும் தலைகீழானால் அலை பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். எது திரும்ப வேண்டும் என்பதைக் கடத்தி முடிவு செய்கிறது; அது மின்புலத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

இனிக் கணக்கு இரண்டே வரி. விழும் அலையின் மின்புல வீச்சை E0 என்று வைத்து, விழுவதையும் திரும்புவதையும் கூட்டினால்:

```
E = E0 cos(ωt + kd) − E0 cos(ωt − kd) = −2 E0 sin(kd) sin(ωt)
B = (E0/c) [cos(ωt + kd) + cos(ωt − kd)] = (2 E0/c) cos(kd) cos(ωt)
```

இங்கே k = 2π/λ. முதல் வரியில் கழித்தல், இரண்டாம் வரியில் கூட்டல். அந்த ஒரு குறி வேறுபாடுதான் ஒன்றை சைனாகவும் மற்றொன்றைக் கோசைனாகவும் ஆக்குகிறது. sin(kd) சுழியாகும் இடங்கள் அரை அலைநீளத்தின் முழு மடங்குகள். cos(kd) சுழியாகும் இடங்கள் அவற்றிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருப்பவை.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆய்வக மேசைக்கு வசதியான 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் ஏறத்தாழ 30 மி.மீ. அலுமினியத் தகடுதான் ஆடி. மின்புலக் கணுக்கள் தகட்டின் பரப்பிலும், 15, 30, 45 மி.மீ. தூரங்களிலும் இருக்கும். காந்தப்புலக் கணுக்கள் 7.5, 22.5, 37.5 மி.மீ. தூரங்களில். விழும் அலையின் மின்புல வீச்சு மீட்டருக்கு 10 வோல்ட் என்றால், 7.5 மி.மீ. இடத்தில் அது இரட்டித்து 20 வோல்ட் ஆகும். 5 மி.மீ. இடத்தில் kd = 60 பாகை, ஆகவே 20 × 0.866, அதாவது சுமார் 17.3 வோல்ட். தகட்டின் பரப்பில் மின்புலம் சுழி. ஆனால் காந்தப்புலம் அங்கேதான் இரட்டித்து நிற்கிறது: 20/c, அதாவது 6.7 × 10⁻⁸ டெஸ்லா. அந்தக் காந்தப்புலத்தை நிறுத்திவைக்கும் பரப்பு மின்னோட்டம் 20/377, அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 0.053 ஆம்பியர். முன்பு சொன்ன மின்னோட்டத் தகடு இதுதான்.

இந்தக் கால் அலைநீள விலகல் ஏதோ கூட்டலில் தற்செயலாக வந்ததல்ல என்பதை ஃபாரடே விதி காட்டுகிறது. தகட்டிலிருந்து 15 மி.மீ. தள்ளியுள்ள மின்புலக் கணுவில் நின்று இருபுறமும் பாருங்கள். ஒரு பக்கம் மின்புலம் மேல்நோக்கி இருந்தால் மறுபக்கம் கீழ்நோக்கி இருக்கும். கணுவை நடுவில் வைத்து ஒரு சிறிய கம்பி வளையத்தைப் பிடித்தால், ஒரு பக்கம் மேலே தள்ளும் விசையும் மறுபக்கம் கீழே தள்ளும் விசையும் சேர்ந்து வளையத்தைச் சுற்றி மின்னோட்டத்தை ஓட்டும். வளையத்தைச் சுற்றி மின்னியக்கு விசை இருக்கிறதென்றால், அதனூடே காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே மின்புலம் எங்கே சுழியாகி, சரிவு மிகச் செங்குத்தாக இருக்கிறதோ, அங்கேதான் காந்தப்புலம் மிக அதிகமாக மாற வேண்டும். மின்புலம் உச்சத்தில் தட்டையாக இருக்கும் இடத்தில் வளையத்தின் இரு பக்கமும் ஒரே விசைதான், சுற்று விசை இல்லை, எனவே காந்தப்புலம் மாறுவதே இல்லை. அந்த இடம் காந்தப்புலக் கணு. இந்த வளையத்தை மறந்துவிடாதீர்கள், அளவீட்டில் இது உண்மையான வளையமாகவே வரும்.

கேள்வியில் இன்னொரு பாதியும் ஒளிந்திருக்கிறது. பயணிக்கும் அலையில் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்றீர்கள். நிலை அலையில் அந்தக் கால ஒற்றுமையும் போய்விடுகிறது. மேலே உள்ள வரிகளில் மின்புலத்துக்கு sin(ωt), காந்தப்புலத்துக்கு cos(ωt). ஒரு கணத்தில் எங்கும் மின்புலமே இல்லை, இருக்கும் ஆற்றல் முழுவதும் காந்தப்புலத்தில். கால் அலைவு நேரம் கழித்து எங்கும் காந்தப்புலம் இல்லை, முழுவதும் மின்புலத்தில். நமது 10 கிகாஹெர்ட்ஸில் இந்த மாற்றம் 25 பிகோவினாடிகளில் நடந்து முடிகிறது. ஆற்றல் இடத்தாலும் நகர்கிறது: தகட்டருகே காந்தப்புலமாக இருந்தது 7.5 மி.மீ. தள்ளி மின்புலமாகக் குவிகிறது, பிறகு திரும்புகிறது.

ஆனால் அது வெகுதூரம் போக முடியாது. ஆற்றல் ஓட்டத்தைக் குறிக்கும் பாய்ன்டிங் வெக்டர் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்கி வருவது. மின்புலக் கணுவில் E எப்போதும் சுழி, காந்தப்புலக் கணுவில் B எப்போதும் சுழி. இரண்டு வகைக் கணுவையும் ஆற்றல் எந்தக் கணத்திலும் தாண்டுவதில்லை. ஆடிக்கு முன்னுள்ள வெளி முழுவதும் கால் அலைநீளம் தடிப்புள்ள அறைகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வோர் அறையிலும் உள்ள ஆற்றல் அதற்குள்ளேயே ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு அலைமோதுகிறது. "நிலை" அலை என்ற பெயரைக் கேட்டு எதுவும் நகரவில்லை என்று நினைக்கக் கூடாது. அலை நிற்பது அறைகளின் சுவர்களில் மட்டும்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. மின்புல ஆற்றலின் காலச் சராசரி sin²(kd) போல மாறுகிறது, காந்தப்புல ஆற்றலின் சராசரி cos²(kd) போல. இரண்டையும் கூட்டினால் எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு. மொத்த ஆற்றலின் சராசரியை மட்டும் உணரும் கருவி ஒன்று இருந்தால் அதற்குக் கணுவே தெரியாது. கணு தெரிய வேண்டுமானால் கருவி ஏதாவது ஒரு புலத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஆகவே "கணுவை அளந்தேன்" என்று யாராவது சொன்னால், "எந்தப் புலத்தை உணரும் கருவியால்?" என்று கேட்பதுதான் முதல் கேள்வி.

மேசைமேல் அளக்கும்போது மின்புலத்துக்குச் சில மி.மீ. நீளமுள்ள நேர்க்கம்பியை மின்புலத் திசைக்கு இணையாகப் பிடித்து, அதில் டையோடு உணர்வியை இணைப்பார்கள். குறைந்த செறிவில் டையோடு காட்டும் அளவு மின்புலத்தின் இருமடிக்கு, அதாவது sin²(kd)-க்கு, நேர்விகிதத்தில் இருக்கும். உச்சங்களைத் தேடாதீர்கள், கணுக்களைத் தேடுங்கள். உச்சத்திலிருந்து 1 மி.மீ. நகர்ந்தால் அளவு 4 சதவீதம்தான் குறையும், ஊசி நடுக்கத்திலேயே அது மறைந்துவிடும். கணுவிலிருந்து 1 மி.மீ. நகர்ந்தாலோ சுழியிலிருந்து அதே 4 சதவீதம் எழும், பெருக்கத்தைக் கூட்டி வைத்தால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கணுவின் இருபுறமும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவை எடுப்பது இன்னும் நல்லது.

ஓர் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். அளவுகோலில் கணுக்கள் 31.3, 46.4, 61.3, 76.4 மி.மீ. என்று விழுகின்றன. கணு 15-இன் மடங்கில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவருக்கு, 31.3 என்பது கோட்பாடே தவறோ என்ற ஐயத்தைத் தரும். நானும் முதல் முறை செய்தபோது இங்கேதான் நின்றேன். ஆனால் இடைவெளிகளைப் பாருங்கள்: முதலுக்கும் கடைசிக்கும் 45.1 மி.மீ., மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றும் 15.03. அலைநீளம் 30.07 மி.மீ., அதிர்வெண் 9.97 கிகாஹெர்ட்ஸ், அலைமூலத்தோடு ஒத்துப்போகிறது. இப்போது 31.3-இலிருந்து இரண்டு இடைவெளி பின்னால் போனால் 1.2 மி.மீ. வருகிறது. ஆடியின் உண்மையான பரப்பு அளவுகோலில் 1.2-இல் இருக்கிறது. அளவுகோல் தகட்டின் முன்பரப்பில் தொடங்காமல் பின்பரப்பில் தொடங்கினால், தகட்டின் தடிப்பு அப்படியே இந்தப் பிழையாக வரும். ஆகவே தனித்தனி இடங்களை நம்பாமல் இடைவெளிகளை முதலில் நம்புங்கள். பிறகு அந்த இடைவெளியைக் கொண்டே பரப்பு எங்கே என்று அளவுகோலைத் திருத்துங்கள்.

கணுவில் அளவு சுழியாகவில்லை என்பது அடுத்து வரும் குழப்பம். கொம்பு ஆன்டெனாவிலிருந்து வரும் அலை விரிந்துகொண்டே வருகிறது. தகட்டில் பட்டுத் திரும்பி உங்கள் உணர்வியை அடைவதற்குள் மேலும் விரிந்து மெலிந்துவிடும். திரும்பும் அலையின் வீச்சு விழுவதில் 0.8 பங்கு என்றால், குறைந்தபட்ச வீச்சு 0.2, உச்சம் 1.8. டையோடு இருமடியைக் காட்டுவதால் விகிதம் 1-க்கு 81. தகட்டிலிருந்து விலக விலகக் கணுக்கள் ஆழம் குறைந்துகொண்டே போனால் காரணம் இதுதான், உலோகத்தின் குறையல்ல. 10 கிகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் புலம் ஊடுருவும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பரப்பில் மிஞ்சும் மின்புலம் எதிர்க்கணுவில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. உங்கள் கருவிக்கு அது முழுக் கடத்திதான்.

உணர்வியை நகர்த்துங்கள், தகட்டை நகர்த்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பிய அலையின் ஒரு பகுதி கொம்பில் பட்டு மறுபடி தகட்டை நோக்கி வரும். அது கணுவின் இடத்தைக் கெடுக்காது. தகட்டை நோக்கி வரும் எந்த அலையும் அதே தலைகீழ்ப் புலத்தோடுதான் திரும்புகிறது, எனவே எல்லாவற்றின் கணுக்களும் தகட்டிலிருந்து அதே தூரங்களில் விழுகின்றன. மொத்த வீச்சு மட்டும் மாறும். ஆனால் தகட்டை நகர்த்தினால் கொம்புக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் மாறி, மொத்த வீச்சே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமும் அரை அலைநீளத்துக்கு ஒருமுறை வருவதால், அதைக் கணு என்று தவறாகக் குறிக்க இடமுண்டு.

காந்தப்புலத்துக்கு வளையம் வேண்டும். 4 மி.மீ. விட்டமுள்ள சிறு வளையம் போதும். அதன் தளம் மின்புலத் திசையையும் பயணத் திசையையும் உள்ளடக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் காந்தப்புலம் அதனூடே செங்குத்தாகச் செல்லும். தகட்டை ஒட்டி வைத்தால் அளவு உச்சத்தில் இருக்கும். நேர்க்கம்பி எதுவும் காட்டாத அதே இடத்தில் வளையம் மிகுதியாகக் காட்டுவதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், கால் அலைநீள விலகல் ஏட்டுச் செய்தியாக இருக்காது.

ஆனால் வளையம் ஏமாற்றவும் செய்யும். அதுவும் கம்பிதானே, வளைந்த கம்பி ஓரளவு மின்புலத்தையும் பிடிக்கும். காந்தப்புலக் கணுவில்தான் மின்புலம் உச்சத்தில் இருக்கிறது, எனவே மிக நுட்பமாக அளக்க வேண்டிய இடத்தில்தான் இந்தக் கலப்படம் அதிகம். மாறும் காந்தப்புலம் வளையத்தில் உண்டாக்கும் மின்னியக்கு விசையும் மின்புலம்போல sin(ωt)-ஆகவே அலைவதால் இரண்டும் நேராகக் கூடுகின்றன அல்லது கழிகின்றன. விளைவு, கணு மறைவதில்லை, இடம் மட்டும் ஒரு பக்கமாக நகர்கிறது. கண்ணுக்குச் சரியான கணுபோலவே தெரிவதால் இது ஆபத்தானது. கண்டுபிடிக்கும் வழி எளிது: வளையத்தை மின்புலத் திசையை அச்சாக வைத்து 180 பாகை திருப்பி மறுபடி அளங்கள். காந்தப் பங்கு மின்புலப் பங்கைப் பார்க்கக் குறி மாறும், எனவே கணு இப்போது எதிர்ப்பக்கம் அதே அளவு நகரும். இரண்டு இடங்களின் நடுதான் உண்மையான காந்தப்புலக் கணு. 90 பாகை மட்டும் திருப்பினால் அளவு ஏறத்தாழ மறைய வேண்டும். மறையாவிட்டால் கலப்படம் உறுதி.

இந்த அளவீட்டைத் தொடங்கிவைத்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1888-இல் கார்ல்ஸ்ரூவில், விரிவுரை மண்டபத்தின் சுவரில் 4 மீட்டருக்கு 2 மீட்டர் துத்தநாகத் தகட்டை நிறுத்தி, அதன் முன்னே இடைவெளி விட்ட கம்பி வளையத்தை நகர்த்தி, தீப்பொறி எங்கே வலுக்கிறது, எங்கே மங்குகிறது என்று குறித்தார். அவர் கண்ட அரை அலைநீளம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது அவருடைய ஆடி அலைநீளத்தைவிடச் சிறியது. நமது சூத்திரம் கேட்கும் "எல்லையற்ற ஆடி" அங்கே இல்லை. மண்டபத்துக்குள் ஓரிரு கணுக்களுக்கு மேல் இடமும் இல்லை. 30 மி.மீ. அலையும் ஒரு முழம் தகடும் வைத்திருக்கும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒளிக்கு இதைச் செய்து காட்டியது ஓட்டோ வீனர், 1890-இல். ஒளியின் அரை அலைநீளம் 0.2, 0.3 மைக்ரோமீட்டர்தான், உணர்வியை அதற்குள் நகர்த்துவது எப்படி? வீனர் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புள்ள ஒளிபடப் படலத்தை வெள்ளி ஆடியின் மேல் மிக மிகச் சிறிய சாய்வில் வைத்தார். சாய்ந்த படலம் கணுத் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டு போகும். சாய்வு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால், 400 நானோமீட்டர் ஒளிக்குக் கோடுகளின் இடைவெளி 0.2 மைக்ரோமீட்டரை 0.00029-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.7 மி.மீ. அரை அலைநீளம் மூவாயிரம் மடங்கு இழுக்கப்பட்டுவிட்டது.

படலத்தைக் கழுவிப் பார்த்தபோது கருமையான கோடுகள் தெரிந்தன, ஆனால் படலம் ஆடியைத் தொடும் விளிம்பில் கருமை இல்லை. அங்கே மின்புலக் கணு, காந்தப்புல எதிர்க்கணு. ஒளிபட வேதிவினையைத் தூண்டுவது மின்புலம்தான் என்று இதிலிருந்து தெரிந்தது. வீனர் அதோடு நிற்கவில்லை. ஒளியை 45 பாகையில் விழச் செய்து, தளவிளைவைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோணத்தில் விழும் கதிரும் திரும்பும் கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்து. மின்புலம் இந்த இரு கதிர்களும் அடங்கும் படுகைத் தளத்துக்குச் செங்குத்தாக இருந்தால் இரு கதிர்களின் மின்புலங்களும் ஒரே கோட்டில் இருக்கும், குறுக்கிடும், கோடுகள் வரும். மின்புலம் படுகைத் தளத்துக்குள் இருந்தால் இரண்டும் செங்குத்தாகிவிடும், ஒன்றையொன்று அழிக்க முடியாது, மின்புலத்தில் கணுவே இருக்காது. அப்போது காந்தப்புலங்கள்தான் குறுக்கிடும். வீனருக்கு முதல் நிலையில் கோடுகள் வந்தன, இரண்டாம் நிலையில் வரவில்லை. படலம் எந்தப் புலத்தைப் பார்க்கிறது என்பதில் இதற்குமேல் ஐயமில்லை. சாய்ந்து விழும்போது கணு இடைவெளியும் மாறும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: λ/2 அல்ல, λ/(2 cos θ).

ஒளிக்கு வரும்போது "முழுக் கடத்தி" என்ற சொல்லையும் தளர்த்த வேண்டும். வெள்ளி பச்சை ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்புகிறது, ஆனால் புலம் அதற்குள் சிறிது தூரம் புகுந்து தேய்கிறது. அதனால் கணு வரிசை முழுவதும் ஆடியை நோக்கி ஏறத்தாழ 25 நானோமீட்டர் நகர்ந்துவிடும்: 550 நானோமீட்டர் ஒளியில் வெளிப்புற முதல் கணு 275-இல் இல்லாமல் 250-ஐ ஒட்டி வரும். பரப்புக் கணு இருக்க வேண்டிய இடம் உலோகத்துக்குள் போய்விடுகிறது. கணுக்களின் இடைவெளியும், மின்புலக் கணுவுக்கும் காந்தப்புலக் கணுவுக்கும் உள்ள கால் அலைநீளமும் மட்டும் மாறுவதில்லை, ஏனென்றால் அவற்றை முடிவு செய்வது வெளியில் உள்ள அலைதான்.

கடைசியாக, இந்தக் கணுக்களின் இடத்தை நேரடியாகப் பயன்படுத்தும் ஒரு பொருளைச் சொல்கிறேன். ஒரு சதுரத்துக்கு 377 ஓம் மின்தடை உள்ள மெல்லிய படலத்தை எடுங்கள். அதை நமது அலுமினியத் தகட்டிலிருந்து 15 மி.மீ. தூரத்தில் வைத்தால் எதுவும் நடக்காது. அங்கே மின்புலம் இல்லை, படலத்தில் மின்னோட்டம் ஓடாது, தகடு முன்போலவே முழுதாக எதிரொளிக்கும். அதே படலத்தை 7.5 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் எதிரொளிப்பே மறைந்துவிடும். அந்த இடத்தில் தகட்டுப் பக்கத்துக் காந்தப்புலம் சுழி, வெளிப்பக்கத்தில் விழும் அலையின் காந்தப்புலம் மட்டும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தாங்கத் தேவையான மின்னோட்டம், விழும் அலையின் மின்புலம் 377 ஓமில் ஓட்டும் மின்னோட்டத்துக்குச் சரியாகச் சமம். அலை கொண்டுவரும் ஆற்றல் முழுவதும் படலத்தில் வெப்பமாகிறது, திருப்பி அனுப்ப மீதி எதுவும் இல்லை. சாலிஸ்பரி திரை என்று ரேடார் துறையில் சொல்வது இதுதான். வின்ஃபீல்ட் சாலிஸ்பரிக்கு இதன் காப்புரிமை 1952-இல் கிடைத்தது. இதன் எல்லையும் கணுவிலேயே இருக்கிறது. அதிர்வெண்ணை 20 கிகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் அலைநீளம் 15 மி.மீ. ஆகிறது, 7.5 மி.மீ. இப்போது அரை அலைநீளம். படலம் மின்புலக் கணுவில் போய் உட்கார்ந்துவிடுகிறது, தகடு மறுபடியும் வெறும் ஆடியாகிறது.